அத்தியாயம் 7: வாங்கியவரிடம் ரிவியூ கேட்கும் முறை

"பொருள் பிடித்திருந்தால் ஐந்து நட்சத்திரம் போடுங்கள். குறை இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள்."

சிராங்கூன் சாலைப் பக்கம் இணையத்தில் பொருள் விற்கும் எந்தக் கடையின் பார்சலைப் பிரித்தாலும் இப்படி ஒரு சிறு அட்டை கிடைக்க வாய்ப்புண்டு. படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. எழுதியவருக்கும் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. ஆனாலும் அமேசானின் விதிப்படி இந்த இரண்டு வரிகளும் மீறல்தான். காசு கொடுக்கவில்லை, மிரட்டவில்லை, பொய் சொல்லவில்லை. பிறகு எங்கே தவறு?

மகிழ்ச்சியாக இருப்பவரை ரிவியூ பக்கத்துக்கும், வருத்தத்தில் இருப்பவரை உங்கள் தனிச் செய்திப் பெட்டிக்கும் இந்த அட்டை பிரித்து அனுப்புகிறது. அப்படிப் பிரித்த பிறகு பக்கத்தில் சேர்வது நல்ல ரிவியூ மட்டும். அதைப் பார்த்து வாங்க வரும் அடுத்தவருக்கு, குறை சொன்னவர்கள் இருந்ததே தெரியாது. ரிவியூ பற்றிய விதிகள் ஒவ்வொரு தளத்திலும் வேறு வேறு சொற்களில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எல்லாம் கேட்பது ஒன்றைத்தான்: யாரிடம் கேட்பது, என்ன பதில் வரவேண்டும் என்பதை விற்பவர் தீர்மானிக்கக் கூடாது. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு முடிவையும் இதை வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

தளங்கள் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகின்றன

2021 மே, ஜூன் மாதங்களில் அமேசானில் நன்றாக விற்றுக்கொண்டிருந்த சில சீன மின்னணுப் பிராண்டுகள் அடுத்தடுத்து காணாமல் போயின. ஆக்கி, எம்பவ் ஆகியவை முதலில் போயின. பிறகு சார்ஜர்கள் விற்ற ராவ்பவர். அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் செய்தியாளர் ஒருவர் ராவ்பவர் சார்ஜர் வாங்கியபோது, ரிவியூ எழுதினால் 35 டாலர் பரிசு அட்டை தருவதாகச் சொல்லும் அட்டை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. அவர் அதைப் பற்றி எழுதினார். சில நாளில் அந்தப் பிராண்டின் பொருள்கள் அமேசானிலிருந்து நீக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், ரிவியூ முறைகேடு உள்ளிட்ட மீறல்களுக்காக 600-க்கும் மேற்பட்ட சீனப் பிராண்டுகளையும் அவற்றின் சுமார் 3,000 கணக்குகளையும் நிரந்தரமாக மூடியதாக அமேசான் சொன்னது.

இவை மோசமான பொருள்களை விற்ற நிறுவனங்கள் அல்ல. ராவ்பவர் சார்ஜரைப் பல தொழில்நுட்ப இதழ்கள் பரிந்துரைத்திருந்தன. நல்ல பொருள் வைத்திருந்தும் பெட்டிக்குள் கிடந்த ஓர் அட்டையால் கடை போயிற்று. பொருள் தரமாக இருந்தால் பரிசு கொடுத்தாலும் பரவாயில்லை என்று நினைக்கும் வியாபாரி இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தளம் தண்டிப்பது பொருளை அல்ல, ரிவியூவுக்குக் கொடுத்த விலையை.

ரிவியூவுக்குப் பரிசு தருவதை அமேசான் 2016 அக்டோபரில் தடை செய்தது. அதற்கு முன்பு, இலவசமாகப் பெற்றேன் என்று ரிவியூவில் குறிப்பிட்டுவிட்டால் போதும் என்ற சலுகை இருந்தது. இப்போது அமேசானே நடத்தும் வைன் திட்டத்தின் வழியாக மட்டுமே ரிவியூவுக்காக இலவசப் பொருள் கொடுக்கலாம். அங்கேயும் யார் எழுதுவது என்பதை விற்பவர் தேர்ந்தெடுக்க முடியாது.

இங்கே ஒரு கேள்வி எழும். ஷாப்பீ தளமே ரிவியூ எழுதுவோருக்கு நாணயங்கள் தருகிறதே, நான் இரண்டு வெள்ளி தந்தால் மட்டும் குற்றமா? ஷாப்பீ தரும் நாணயம் ஒரு நட்சத்திரம் போட்டவருக்கும் ஐந்து போட்டவருக்கும் கிடைக்கும். எந்தக் கடைக்கு எத்தனை நட்சத்திரம் விழுகிறது என்பதில் ஷாப்பீக்கு ஆதாயம் இல்லை. உங்களுக்கு இருக்கிறது. நீங்கள் "எந்த நட்சத்திரமானாலும் இரண்டு வெள்ளி" என்றே எழுதினாலும், வாங்குபவர் கையில் காசைக் கொடுக்கும் கடையைப் பற்றிக் குறை எழுதத் தயங்குவார். அதனால்தான் தளம் கொடுக்கலாம், கடை கொடுக்கக் கூடாது.

சிங்கப்பூரில் இது தளத்தின் விதி மட்டும் அல்ல

2024-இல் சிங்கப்பூர் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் லாம்பென்சி டீட்டெய்லிங் என்ற கார் பராமரிப்பு நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. எஸ்ஜிகார்மார்ட் தளத்தில் அந்த நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் எழுதியதுபோல ஐந்து நட்சத்திர ரிவியூக்களைப் பதிவிட்டிருந்தது. அந்த வாடிக்கையாளர்களுக்கே அது தெரியாது. நிறுவனம் இதை நிறுத்துவதாக ஆணையத்திடம் உறுதிமொழி கொடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கு அடிப்படை 2003-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டம். வாங்குபவர் ஏமாறும்படி எதையும் சொல்வதும் செய்வதும் அந்தச் சட்டப்படி நியாயமற்ற வர்த்தக நடைமுறை. 2018 ஏப்ரலிலிருந்து இந்தச் சட்டத்தை இந்த ஆணையம் கவனிக்கிறது. விடாமல் மீறும் கடைக்கு எதிராக நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. வாடிக்கையாளர் பெயரில் நீங்களே எழுதுவது, கடைப் பையனை எழுதச் சொல்வது, தம்பியின் கணக்கிலிருந்து பொருளை வாங்கிப் புகழ்வது எல்லாம் தளத்தின் விதியைத் தாண்டிச் சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடும்.

குடும்பமாக நடத்தும் கடைகள் அதிகமுள்ள தேக்கா வட்டாரத்தில் இது சாதாரணமாக நடக்கக்கூடியது. "மாமா கடைக்கு ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுடுடா" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. உறவினர், ஊழியர், பங்குதாரர் எழுதும் ரிவியூவை அமேசான் ஏற்பதில்லை. இரண்டு கடைக்காரர்கள் பேசி வைத்து ஒருவர் பக்கத்தில் மற்றவர் எழுதிக்கொள்வதும் அப்படித்தான். வாங்குபவரும் விற்பவரும் ஒருவரை ஒருவர் மதிப்பிடும் கேரோசல் போன்ற தளத்தில் "நீங்கள் ஐந்து போட்டால் நானும் ஐந்து போடுகிறேன்" என்று பேரம் பேசுவதும் இதே வகை.

ஒரு விளக்குக் கடையை எடுத்துக்கொள்வோம்

முறையைப் படிப்படியாகப் பார்க்க ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கேம்பல் லேனில் பித்தளை விளக்கும் பூசைப் பொருளும் விற்கும் கடை அது. ஷாப்பீயிலும் அமேசான் சிங்கப்பூரிலும் கணக்கு வைத்திருக்கிறது. தீபாவளிக்கு முன்பு ஒரு வாரத்தில் நாற்பது குத்துவிளக்குகள் விற்கின்றன. இரண்டு தளங்களிலும் ரிவியூ கேட்க வேண்டும்.

அமேசான் பக்கம் வேலை எளிது. விற்பனையாளர் கணக்கில் ஒவ்வோர் ஆர்டரின் விவரப் பக்கத்திலும் Request a Review என்ற பொத்தான் இருக்கும். பொருள் சேர்ந்த 5-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாள் வரை அதை அழுத்தலாம், ஓர் ஆர்டருக்கு ஒரு தடவை. வாங்கியவருக்குச் செல்லும் வாசகம் அமேசானுடையது. நீங்கள் ஒரு சொல்லும் சேர்க்க முடியாது என்பதே இதன் பாதுகாப்பு. எல்லா ஆர்டருக்கும் அழுத்துங்கள். விளக்கு நெளிந்து வந்ததாகப் புகார் சொன்னவரின் ஆர்டரை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றுக்கு அழுத்தினால், தொடக்கத்தில் பார்த்த அட்டை செய்த அதே பிரிப்பை நீங்கள் கையால் செய்கிறீர்கள்.

எந்த நாளில் அழுத்துவது என்பது பொருளைப் பொறுத்தது. குத்துவிளக்கை வாங்கியவர் அதைத் துலக்கி, எண்ணெய் ஊற்றி ஒரு வெள்ளிக்கிழமையாவது ஏற்றியிருக்க வேண்டும். அதனால் ஏழு, எட்டு நாள் விட்டுக் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஏதாவது இருக்கும். சாம்பார்ப் பொடி போன்றவற்றுக்குப் பத்து நாள்கூட விடலாம். பார்சல் கைக்கு வந்த அன்றே கேட்டால் "சீக்கிரம் வந்தது, நன்றி" என்பதற்கு மேல் எதுவும் வராது. அடுத்து வாங்குபவருக்கு அதனால் பயனில்லை.

ஷாப்பீயில் வாங்கியவருடன் தளத்துக்குள்ளேயே உரையாடலாம். அங்கே அனுப்பும் செய்தியை நீங்களே எழுத வேண்டும், ஆகவே தவறு செய்யவும் இடம் இருக்கிறது. கீழே உள்ளது போல எழுதலாம்:

"வணக்கம். எங்கள் கடையில் குத்துவிளக்கு வாங்கியதற்கு நன்றி. விளக்கைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு உங்கள் அனுபவத்தை, நல்லதோ குறையோ, ரிவியூவாக எழுதினால் அடுத்து வாங்குபவருக்கு உதவியாக இருக்கும். அளவு, எடை, மெருகு பற்றிய படமும் சேர்க்கலாம். விளக்கில் ஏதேனும் பிரச்சினை என்றால் எப்போது வேண்டுமானாலும் இங்கே கேளுங்கள்."

இதில் நட்சத்திர எண்ணிக்கை இல்லை. "நல்லதோ குறையோ" இருக்கிறது. அளவு, எடை என்று சொல்வதால் எதை எழுதுவது என்று தெரியாதவருக்கு ஒரு பிடி கிடைக்கிறது. கடைசி வரி உதவிக்கானது. "ரிவியூ எழுதும் முன்" என்ற நிபந்தனை அதில் இல்லாததைக் கவனியுங்கள். அந்த மூன்று சொற்களைச் சேர்த்தால் மறுபடியும் பிரிப்பு வந்துவிடும். வாங்குபவர்களில் சீனரும் மலாய்க்காரரும் இருப்பார்கள் என்பதால், அவரவர் படிக்கும் மொழியில் அனுப்புங்கள். மொழி மாறும்போதும் பொருள் மாறக் கூடாது. ஒரு முறை அனுப்பினால் போதும். பதில் வராவிட்டால் அதுவும் வாங்கியவரின் உரிமை.

இந்தச் செய்தியைத் தளத்துக்கு வெளியே அனுப்பாதீர்கள். பார்சல் அனுப்புவதற்காகக் கிடைத்த கைப்பேசி எண்ணை வாட்ஸ்அப்பில் சேர்த்து ரிவியூ கேட்பது பல தளங்களில் மீறல். ஒரு காரியத்துக்காகப் பெற்ற எண்ணை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்தும்போது, 2012-இல் வந்த தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கேள்விகளும் எழும்.

தள்ளுபடிச் சீட்டை எங்கே வைக்கலாம்

வாடிக்கையாளர் திரும்பி வர வேண்டும் என்பதற்காகத் தள்ளுபடி தருவது தவறல்ல. ரிவியூவுடன் அது கட்டப்படும்போதுதான் தவறாகிறது. நமது விளக்குக் கடை தீபாவளிக்கு 3 வெள்ளித் தள்ளுபடிச் சீட்டு தர விரும்பினால், ஷாப்பீயின் கடைச் சீட்டு வசதியில் எல்லா வாடிக்கையாளருக்கும் திறந்துவிடலாம். அந்த அறிவிப்பில் ரிவியூ என்ற பேச்சு வரக் கூடாது. ரிவியூ கேட்கும் செய்தியில் சீட்டின் பேச்சு வரக் கூடாது. இரண்டும் ஒரே நாளில் போகாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது, ஏனென்றால் அடுத்தடுத்து வந்தால் வாங்கியவர் தாமாகவே இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுவார்.

கல்லாவில் நின்று கேட்பதற்கும் இதுவே முறை. ரேஸ் கோர்ஸ் சாலையிலோ டன்லப் தெருவிலோ உணவகம் நடத்துபவர் கூகல் வரைபடத்தில் ரிவியூ கேட்க விரும்புவார். கூகலின் வணிகப் பக்கத்திலிருந்து கிடைக்கும் கியூஆர் குறியை மேசையில் வைக்கலாம். கூகலே அதற்கு வசதி தருகிறது. "ஐந்து நட்சத்திரம் காட்டினால் ஒரு தே தாரிக் இலவசம்" என்று அதன் கீழே எழுதக் கூடாது. ஏற்கெனவே எழுதியதை மாற்றவோ நீக்கவோ சலுகை தருவதும் கூகல் விதிக்கு எதிரானது. ஊழியர் பக்கத்தில் நின்று வாடிக்கையாளரின் கைப்பேசியை எட்டிப் பார்ப்பது பரிசைவிட மோசம். வாடிக்கையாளர் முகத்துக்கு நேராக மறுக்க முடியாமல் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய் அதை ஒரு நட்சத்திரமாக மாற்றி நடந்ததையும் எழுதிவிட்டால், அந்த ரிவியூவை நீக்கக் கேட்க உங்களுக்கு நியாயமே இருக்காது.

இரண்டு நட்சத்திரம் விழுந்தால்

நாற்பது விளக்குகளில் ஒன்று ஈசூனில் இருக்கும் ஒருவருக்கு நெளிந்த தட்டுடன் போய்ச் சேர்கிறது. படத்துடன் இரண்டு நட்சத்திரம் போடுகிறார். பெரும்பாலான கடைகள் சறுக்குவது இந்த இடத்தில்தான். உடனே செய்தி பறக்கிறது: "சார், ரிவியூவை அஞ்சா மாத்துங்க, பத்து வெள்ளி பேநவ் பண்றோம்." இது பரிசும் வற்புறுத்தலும் சேர்ந்த மீறல். எழுத்தில் இருக்கிறது, உங்கள் கடைப் பெயரில் இருக்கிறது, தளத்தின் உரையாடல் பெட்டியிலேயே பதிவாகியிருக்கிறது. அவர் புகார் செய்ய ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

சரியான வரிசை வேறு. முதலில் குறையைத் தீருங்கள். "தட்டு நெளிந்து வந்ததற்கு வருந்துகிறோம். மாற்று விளக்கு அனுப்பவா, பணத்தைத் திருப்பவா? எது வேண்டும் என்று சொல்லுங்கள்" என்று மட்டும் எழுதுங்கள். அந்தச் செய்தியில் ரிவியூவைக் குறிப்பிடவே வேண்டாம். திருப்பும் பணமும் தளத்தின் வழியாகவே போகட்டும். பேநவ் வழியாகப் போனால் நேர்மையான தீர்வுகூட லஞ்சம்போலத் தெரியும். பிறகு, ஷாப்பீ போல அதற்கு வசதி உள்ள தளத்தில், ரிவியூவின் கீழ் எல்லாரும் பார்க்கும்படி ஒரு பதில் எழுதுங்கள்: "தட்டு நெளியாமலிருக்க இப்போது இரட்டை அட்டையில் கட்டி அனுப்புகிறோம். உங்களுக்கு மாற்று விளக்கு அனுப்பியிருக்கிறோம்." உண்மையிலேயே அப்படிக் கட்டத் தொடங்கியிருந்தால் மட்டும் இதை எழுதுங்கள்.

அவராகவே ரிவியூவைத் திருத்தினால் நன்று. திருத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். ரிவியூவை மாற்றவோ நீக்கவோ வாங்கியவரைக் கேட்பதையே அமேசான் தடை செய்கிறது. வசை, மதவெறிப் பேச்சு, பொருளுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு, பார்சல் நிறுவனத்தின் மீது மட்டும் உள்ள கோபம் போன்றவை இருந்தால் அதற்குத் தளத்திலேயே புகார் வழி இருக்கிறது. அங்கே சொல்லுங்கள், வாங்கியவரிடம் அல்ல.

தண்டனை எப்படி வரும், எப்படித் தெரியும்

தண்டனை முதல் நாளிலேயே கடையடைப்பாக வருவது அரிது. முதலில் சில ரிவியூக்கள் காணாமல் போகும். பக்கத்தில் 62 இருந்தது மறுநாள் 48 ஆகக் குறைந்து, குறைந்தவை எல்லாம் ஐந்து நட்சத்திரமாக இருந்தால் தளம் உங்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஷாப்பீயில் மீறலுக்குத் தண்டனைப் புள்ளிகள் சேரும். புள்ளி ஏற ஏற விற்பனைத் திருவிழாக்களில் இடம் போகும், தேடலில் பொருள் பின்னே தள்ளப்படும் அல்லது தெரியாமலே போகும், முடிவில் கணக்கு முடக்கப்படும். தீபாவளிக்கு முந்திய மாதத்தில் தேடலில் தெரியாமல் போனால் ஒரு விளக்குக் கடைக்கு ஆண்டின் பெரும்பங்கு வருமானமே போய்விடலாம். கூகல், வணிகப் பக்கத்தில் புதிய ரிவியூ வருவதைச் சில காலம் நிறுத்தலாம், பழையவற்றை மறைக்கலாம், போலி ரிவியூ நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கையைப் பக்கத்திலேயே காட்டலாம். அமேசான் விற்பனை உரிமையைப் பறிப்பதோடு, கணக்கில் இருக்கும் பணத்தையும் நிறுத்திவைக்கலாம்.

தளங்களுக்கு எப்படித் தெரிகிறது என்று வியப்பவர்கள் அட்டையை மறந்துவிடுகிறார்கள். வாங்கியவர் அதைப் படமெடுத்து ரிவியூவிலேயே போட்டுவிடுவார், அல்லது போட்டிக் கடைக்காரர் ஒரு பொருள் வாங்கிப் பார்ப்பார். அது போக, ஒரே இணைப்பிலிருந்தும் ஒரே கைப்பேசியிலிருந்தும் வரும் ரிவியூக்கள், விற்பனைக்குப் பொருந்தாத வேகத்தில் ஒரே இரவில் குவியும் ஐந்து நட்சத்திரங்கள், வார்த்தை மாறாத புகழ்ச்சிகள் எல்லாம் கணக்கில் வரும்.

இந்த வகை அட்டையை ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள். கிடங்கில் மீதமிருப்பதைக் கிழித்துப் போடுங்கள். பொட்டலம் கட்டும் பையன் பழக்கத்தில் ஒன்றைப் போட்டுவிட்டால் போதும், நிறுத்தினோம் என்று நீங்கள் சொல்வது பொய்யாகிவிடும். எப்போது நிறுத்தினீர்கள், புதிய வாசகம் என்ன என்பதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். கணக்கு முடங்கி மேல்முறையீடு செய்ய நேர்ந்தால் அமேசான் மூன்றைக் கேட்கும்: தவறு எதனால் நடந்தது, என்ன செய்து சரிப்படுத்தினீர்கள், இனி நடக்காமல் என்ன ஏற்பாடு. "எங்களுக்குத் தெரியாது, எல்லாரும் செய்கிறார்கள்" என்பது இம்மூன்றில் எதற்கும் பதிலாகாது.

தளங்களின் விதிகள் அடிக்கடி மாறும். ஒவ்வொரு பெருநாள் விற்பனைக்கும் முன்பு அந்தந்தத் தளத்தின் ரிவியூ விதியை ஒரு முறை திறந்து படியுங்கள். பிறகு உங்கள் செய்தியை எடுத்து, உங்கள் மேல் கடுங்கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளருக்கும் இதே வாசகத்தை இதே நாளில் அனுப்புவீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுப்பத் தயங்கினால் அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.